அரிசிக்கு 12 அடி: வெள்ளவத்தைப் பலசரக்குக் கடை ஒன்றின் இடக் கணக்கு

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இந்தக் கடை இருக்கிறது. ஏறத்தாழ 400 சதுர அடி. முதலாளி வடமராட்சிக்காரர். அவரும் மனைவியும் மாறி மாறிக் கல்லாவில் இருக்கிறார்கள், வேலைக்கு இரண்டு பெடியள். சாமான் வகை என்று எண்ணினால் தொள்ளாயிரத்தைத் தாண்டும். நான் அவருடைய வரிக் கணக்குப் பார்க்கிறவன். ஒருநாள் வழமையான கணக்கு முடிந்ததும் அவர் வேறொரு விஷயத்தை எடுத்தார்.

"தம்பி, அரிசி வித்து எனக்கு என்ன கண்டது? மூட்டை தூக்கினதுதான் மிச்சம். நூறு ரூபாவுக்கு ஆறு ரூபா. ஊர்ச் சாமான் நாற்பது நிக்குது. அரிசியைப் பாதியாக் குறைச்சுப்போட்டு அந்த இடம் முழுக்க ஊர்ச் சாமான் அடுக்கினால் என்ன?"

ஊர்ச் சாமான் என்று அவர் சொல்வது கறித்தூள், ஒடியல், பனங்கட்டி மாதிரியான யாழ்ப்பாணத்துச் சாமான்களை. கேட்டவுடன் சரியென்று சொல்லத் தோன்றும் யோசனைதான். ஆனால் பல சாமான் விற்கும் கடையில் இலாப வீதத்தை மட்டும் வைத்து எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று முடிவெடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். ஏன் பிழைக்கிறது என்பது இந்தக் கடையின் கணக்கில் தெளிவாகத் தெரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன். கடை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டிருக்கிறேன். தொகைகளைப் பின்தொடர இலகுவாக முழுமைப்படுத்தியிருக்கிறேன்.

முதலில் அந்த ஆறையும் நாற்பதையும் பார்த்தோம். இரண்டும் ஒரே அளவுகோல் அல்ல. அரிசிக்கு அவர் விற்ற விலையில் கணக்குப் பார்க்கிறார்: 100 ரூபாவுக்கு விற்றால் 6 ரூபா மிச்சம். ஊர்ச் சாமானுக்கு வாங்கின விலையில் பார்க்கிறார்: 100 ரூபாவுக்கு வாங்கி 140க்கு விற்கிறார். அந்த 40 ரூபாவை விற்ற விலையான 140இல் வைத்துப் பார்த்தால் 28 வீதத்துக்குச் சற்று மேலேதான் வரும். கொழும்புக் கடைகளில் இந்தக் கலப்படக் கணக்கை நான் அடிக்கடி காண்கிறேன். மொத்த வியாபாரியிடம் விலை பேசி எடுக்கிற சாமானுக்கு வாங்கின விலையில் இருந்து கணக்கு ஓடும். விலை அச்சடித்து வருகிற பைக்கற்றுக்கு அந்த விலையில் இருந்து கணக்கு ஓடும். எல்லாவற்றையும் விற்ற விலைக்கு மாற்றிய பிறகுதான் ஒன்றை ஒன்றோடு ஒப்பிட முடியும்.

அப்படி மாற்றிய பிறகும் 28 என்பது 6ஐ விட நாலு மடங்குக்கு மேல். அப்போ அவர் சொல்வது சரிதானே? இந்த இடத்தில்தான் அடுத்த கேள்வி வருகிறது: இந்தக் கடையில் கட்டுப்பாடாக இருப்பது எது? வாடிக்கையாளர் தருகிற 100 ரூபா எதற்குப் போகவேண்டும் என்று நாங்கள் தீர்மானிப்பதில்லை. நாங்கள் தீர்மானிப்பது சுவரோரம் உள்ள இடத்தை. கடையைச் சுற்றி அளந்தால் ராக்கை நீளம் 60 அடி. அதற்கு மேல் ஓர் அங்குலம்கூட இல்லை. ஆகவே ஒரு ரூபா விற்பனைக்கு எவ்வளவு இலாபம் என்பதை விட, ஓர் அடி இடம் மாதத்துக்கு எவ்வளவு இலாபம் தருகிறது என்பதுதான் இங்கே கேட்கவேண்டிய கேள்வி. செலவுக் கணக்கியலில் இதை மட்டுப்படுத்தும் காரணிக்கு ஏற்ற பங்களிப்பு என்பார்கள். தொழிற்சாலையில் அந்தக் காரணி இயந்திர நேரமாக இருக்கும். எங்கள் கடையில் அது ராக்கை அடி.

முதலாளியின் மகள் அளவு நாடாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நின்று அளந்தாள். பில் அடிக்கும் கணினியில் இருந்து மே மாத விற்பனையை எடுத்தோம். ஆறு கூட்டமாகப் பிரித்ததும் இப்படி வந்தது.

| கூட்டம் | இடம் (அடி) | மாத விற்பனை (ரூபா) | இலாப வீதம் | மாத இலாபம் (ரூபா) | அடிக்கு (ரூபா) |
|---|---|---|---|---|---|
| அரிசி, சீனி, பருப்பு, எண்ணெய் | 20 | 18,00,000 | 6 | 1,08,000 | 5,400 |
| பால்மா | 3 | 5,00,000 | 4 | 20,000 | 6,667 |
| ஊர்ச் சாமான் | 10 | 3,00,000 | 28 | 84,000 | 8,400 |
| சோப், ஷாம்பு, சலவைத்தூள் | 15 | 5,00,000 | 10 | 50,000 | 3,333 |
| பூசைச் சாமான் | 4 | 1,00,000 | 35 | 35,000 | 8,750 |
| பிஸ்கட், சொக்கலேட், சோடா | 8 | 6,00,000 | 11 | 66,000 | 8,250 |

மொத்த விற்பனை 38 இலட்சம், மொத்த இலாபம் 3,63,000. வாடகை, இரண்டு பெடியளின் சம்பளம், மின்சாரம், மற்றச் செலவு எல்லாம் சேர்த்து 2,90,000. பழுதாகி எறிந்த சாமான் 9,000. கையில் நின்றது 64,000. புருஷனும் பெண்சாதியும் காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து மணிவரை நிற்கிற உழைப்புக்கு இது மிகக் குறைவு. அவருடைய சலிப்பில் நியாயம் இருந்தது.

அட்டவணையின் முதல் ஆச்சரியம் பால்மா. கடையிலேயே ஆகக் குறைந்த வீதம் அதற்குத்தான், வெறும் 4. பைக்கற்றில் அச்சடித்த விலைக்கு மேலே விற்க முடியாது. விற்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை பிடிக்கும். விலையில் கைவைக்க வழியே இல்லை. ஆனாலும் மூன்றே அடிக்குள் நின்று வேகமாக ஓடுவதால் அடிக்கு 6,667 தருகிறது. சோப், ஷாம்பு வகைகளுக்கு வீதம் அதைவிட இரண்டரை மடங்கு; அடிக்குத் தருவதோ பாதிதான். வீதம் கூடின சாமான் மெதுவாக ஓடி, நிறைய இடத்தையும் பிடித்தால் அது வறிய சாமான்.

சரி, ஊர்ச் சாமான் 8,400, அரிசிக் கூட்டம் 5,400. அடிக்கு 3,000 வித்தியாசம். முதலாளி முகம் மலர்ந்தது. பெரும்பாலான ஆலோசகர்கள் நிறுத்துகிற இடமும் இதுதான். அட்டவணையைக் கொடுத்து, மேலே உள்ளதைக் கூட்டு, கீழே உள்ளதைக் குறை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் அந்த 8,400 ஒரு சராசரி. நாங்கள் கூட்டப்போவது சராசரி அடியை அல்ல, இன்னுமோர் அடியை. அந்த இன்னுமோர் அடியில் என்ன வைப்போம், அது என்ன தரும்?

அதற்காக ஊர்ச் சாமான் ராக்கையைப் பிரித்துப் பார்த்தோம். பத்து அடியில் இரண்டு அடி வறுத்த கறித்தூள், அதாவது யாழ்ப்பாண மிளகாய்த்தூள். அது மட்டும் மாதம் 1,20,000க்கு விற்று 36,000 தருகிறது. அடிக்கு 18,000. கடையில் அதற்கு நிகரான இடம் வேறில்லை. மிச்சம் எட்டு அடியில் ஒடியல், ஒடியல்மா, புழுக்கொடியல், பனாட்டு, பனங்கட்டி, எள்ளுருண்டை, பருத்தித்துறை வடை, மோர்மிளகாய், வடகம், கருவாடு. எல்லாம் சேர்ந்து 48,000. ஆனால் எறிந்த 9,000 ரூபாச் சாமானும் இங்கேயிருந்துதான். வெள்ளவத்தையில் கடற்காற்று ஈரத்தோடு வரும். பனங்கட்டி கசிந்து ஒட்டிக்கொள்ளும், ஒடியல் பூஞ்சணம் பிடிக்கும், வடை சில கிழமையில் காறல் மணம் வரும். வலிகாமத்து வெயிலில் மாதக்கணக்கில் கிடக்கிற சாமான் இங்கே கிடக்காது. கழித்துப் பார்த்தால் எட்டு அடிக்கு 39,000. அடிக்கு 4,875. அரிசிக் கூட்டத்தின் 5,400ஐ விடக் குறைவு.

அந்த எட்டு அடியிலும் ஆகப் பின்னுக்கு நிற்கும் இரண்டு அடியைத் தனியாக எடுத்தோம்: பனாட்டு, புழுக்கொடியல், மூன்று விதமான வடகம். மாத விற்பனை 18,000, இலாபம் 5,000, எறிந்தது 4,500. அந்த இரண்டு அடியும் சேர்ந்து கடைக்குத் தந்தது 500 ரூபா. இன்னும் ஆறு அடி ஊர்ச் சாமான் அடுக்கினால் அந்த ஆறு அடியும் கறித்தூள் மாதிரி ஓடாது, இந்த இரண்டு அடி மாதிரித்தான் ஓடும். ஏனென்றால் கறித்தூள் வாங்குகிற வீடுகள் ஏற்கனவே வாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. ராக்கையை நீட்டினால் அவர்கள் கறியில் இரண்டு மடங்கு தூள் போடப்போவதில்லை.

அரிசியையும் அதே மாதிரிப் பிரித்தோம். இருபது அடியில் அரிசிக்கு மட்டும் 12 அடி. மாதம் 11 இலட்சம் விற்பனை, 66,000 இலாபம். பதினொரு வகை அரிசி. அவற்றில் நாலு வகை நாலு அடியைப் பிடித்துக்கொண்டு 70,000க்குத்தான் விற்கின்றன, தருவது 4,200. மிச்சம் ஏழு வகை எட்டு அடியில் 61,800 தருகின்றன. அடிக்கு 7,725. அரிசி முழுவதும் வறிய சாமான் என்ற எண்ணம் அங்கே உடைந்தது. அரிசிக்குள்ளே நாலு அடி வறியது, எட்டு அடி வளமானது. ஊர்ச் சாமானுக்குள்ளே இரண்டு அடி மிக வளமானது, இரண்டு அடி ஒன்றுமே தராதது. கூட்டத்தின் பெயரை வைத்து முடிவெடுத்தால் இது கண்ணில் படாது.

இடத்துக்கு அடுத்த கட்டுப்பாடு காசு. கறித்தூளை விட்டு மற்ற ஊர்ச் சாமான் எல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து கைக்காசு கொடுத்து எடுப்பது. பஸ்ஸிலும் லொறியிலும் வரும், ஒருமுறை எடுத்தால் இரண்டு மாதம் கிடக்கும். அங்கே முடங்கியிருந்தது 2,60,000. மாதம் 39,000 வருகிறதென்றால் முடங்கின 100 ரூபாவுக்கு 15 ரூபா. அரிசி கையிருப்பு ஒரு கிழமைக்கானது, 2,50,000, தருவது 66,000, 100 ரூபாவுக்கு 26 ரூபா. இதிலும் புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒரு கிழமை கடன் தருவதால் அரிசியில் முதலாளியின் சொந்தக் காசு அநேகமாக இல்லை. 2023 மார்ச்சில் மத்திய வங்கியின் கடன் வசதி வீதம் 16.5 வரை ஏறியிருந்தது. அந்த நாட்களில் மிகைப்பற்றில் ஓடின கடைக்காரருக்கு இரண்டு மாதம் கிடக்கிற சாமானின் பாரம் நன்றாகத் தெரியும்.

இனி எனக்கு முக்கியமாகப் படுகிற பகுதி. அரிசி வாங்க வருகிறவர் வேறு என்ன வாங்குகிறார்? கணினியில் இருந்து 300 பில்லை, கிழமை நாளும் வார இறுதியும் கலந்து வரும்படி எடுத்தோம். 92 பில்லில் அரிசி இருந்தது. அரிசி உள்ள பில்லின் சராசரி 3,200 ரூபா, அதில் கடைக்கு நிற்பது 280. அரிசி இல்லாத பில் சராசரி 750, நிற்பது 82. அரிசிப் பில்லில் வருகிற 280இல் அரிசி தந்தது 85 மட்டுமே. மிச்சம் 195ஐ அந்த வாடிக்கையாளர் அரிசியோடு சேர்த்து எடுத்த பருப்பும் தூளும் பிஸ்கட்டும் தந்தன. கறித்தூள் இருந்த 40 பில்லில் 26இல் அரிசியும் இருந்தது. அடிக்கு ஆகக் கூடின இலாபம் தருகிற சாமான், வீதம் குறைந்த அரிசியின் பின்னால் வந்துகொண்டிருந்தது.

இதில் அவதானம் வேண்டும். அரிசிப் பில் பெரிதாக இருப்பதற்கு அரிசிதான் காரணம் என்று இந்த எண்கள் நிரூபிக்கவில்லை. அரிசி வாங்குகிற நாள் பெரும்பாலும் மாதச் சாமான் வாங்குகிற நாள்; அன்றைக்கு எல்லாமே கூடத்தான் வாங்குவார்கள். அரிசி இல்லாவிட்டாலும் கறித்தூளுக்கு இங்கேயே வருவார்களா, அல்லது காலி வீதியில் உள்ள சுப்பர் மார்க்கட்டிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுவார்களா என்பதுதான் உண்மையான கேள்வி. அதைப் பரீட்சிக்க அரிசியை நிறுத்திப் பார்க்கமுடியாது. ஆனால் கடையின் பழைய பதிவில் ஒரு தடயம் கிடைத்தது. முன்பொருமுறை மொத்த வியாபாரி பிந்தியதால் சிவப்புப் பச்சை அரிசி ஒரு கிழமை இல்லாமல் போயிருந்தது. அந்தக் கிழமை கறித்தூள் விற்பனை ஐந்தில் ஒரு பங்கு விழுந்திருந்தது, அடுத்த கிழமை மீண்டது. ஒரு கடை, ஒரு கிழமை. இதை வைத்துச் சத்தியம் செய்யமுடியாது. ஆனாலும் எந்தப் பக்கம் ஆபத்து இருக்கிறது என்று அது காட்டியது.

இப்போது முதலாளியின் முதல் யோசனையைக் கணக்குப் போட்டோம். அவர் மனதில் இருந்த கணக்கு: அரிசியில் ஆறு அடி போனால் அடிக்கு 5,500 வீதம் 33,000 நட்டம், ஊர்ச் சாமானில் ஆறு அடி கூடினால் அடிக்கு 8,400 வீதம் 50,400 வரவு, ஆக 17,400 மிச்சம். பிரித்துப் பார்த்த கணக்கு வேறு. புதிதாக வருகிற ஆறு அடி, பின்னுக்கு நிற்கும் அந்த இரண்டு அடி மாதிரித் தந்தால் மொத்தம் 1,500. அரிசியில் குறைக்கிற முதல் நாலு அடியால் பெரிய நட்டம் இல்லை. ஆனால் அடுத்த இரண்டு அடியைக் குறைக்கும்போது ஓடுகிற அரிசி அடிக்கடி முடிந்துபோகும். அதனால் மாதத்தின் 775 அரிசிப் பில்லில் ஐந்தில் ஒன்று வேறு கடைக்குப் போனால் 155 பில், தலைக்கு 280, ஆக 43,400 போய்விடும். கையில் நிற்கிற 64,000இல் மூன்றில் இரண்டு பங்கு அது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப அந்த நாலு அரிசியை மட்டும் எடுப்பம்" என்றார்.

அதற்கும் முன் ஒன்று பார்க்கச் சொன்னேன்: அந்த நாலு வகையை யார் வாங்குகிறார்கள்? மூன்று வகை சும்மா அங்கொன்று இங்கொன்றாகப் போகிறவை. நாலாவது மொட்டைக்கருப்பன். மாதம் 20,000க்குத்தான் விற்கிறது, ஆனால் அது இருந்த பில்கள் எல்லாம் பெரிய பில்கள். முதலாளியின் மனைவி பார்த்தவுடனே சொன்னார், "இது கூழுக்கும் புட்டுக்கும் எடுக்கிற சனம். வேற இடத்தில கிடைக்காதெண்டுதான் எங்களிட்ட வருகினம்." மெதுவாக ஓடுகிற சாமானைத் தூக்குமுன் அது யாருடைய பையில் போகிறது என்று பார்க்காவிட்டால், 1,200 ரூபா இலாபத்தை மட்டும் இழப்பதாக நினைத்து ஒரு வீட்டின் மாதச் சாமானையே இழந்துவிடுவோம். மொட்டைக்கருப்பன் நின்றது. மற்ற மூன்றும் போயின. மூன்று அடி கிடைத்தது. ஊர்ச் சாமானின் பின்னிரண்டு அடியும் போனது. பனாட்டும் புழுக்கொடியலும் இப்போது சொன்னால் எடுத்துக் கொடுப்பது மட்டும்.

கிடைத்த ஐந்து அடியை எதற்குக் கொடுப்பது? இதற்கு மே மாதக் கணக்கில் விடை இருக்காது, ஏனென்றால் கடையில் இல்லாத சாமானுக்கு விற்பனைப் பதிவு கிடையாது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி வைத்து, யாராவது கேட்டு நாங்கள் இல்லை என்று சொன்னதையெல்லாம் எழுதச் சொன்னோம். இரண்டு கிழமையில் மூன்று விஷயம் திரும்பத் திரும்ப வந்தது: வறுத்த அரிசிமா, உழுத்தம்மா, சின்ன வெங்காயம். மூன்றும் அரிசி, கறித்தூள் வாங்குகிற அதே ஆட்கள் கேட்டவை. மூன்று அடி மா வகைக்கும், இரண்டு அடி வெங்காயம், உள்ளி, செத்தல் மிளகாய்க் கூடைகளுக்கும் கொடுத்தோம். மாவைக் கிழமைக்கு ஒருமுறை கொஞ்சமாக வறுப்பித்து எடுப்பது என்று முடிவு. வண்டு பிடிக்க விடக்கூடாது.

ஜூனில் மாற்றிச் செப்டெம்பரைப் பார்த்தோம். முதல் இரண்டு மாதத்தை எண்ணவில்லை. புதுச் சாமானைச் சும்மா எடுத்துப் பார்க்கிற ஆட்கள் கணக்கைக் குழப்புவார்கள். பூசைச் சாமானையும் ஒப்பீட்டில் சேர்க்கவில்லை, நவராத்திரி நெருங்கினால் அது தன்பாட்டில் ஏறும். மா வகை 1,10,000க்கு விற்று, எறிந்ததைக் கழித்து 21,000 தந்தது. கூடைச் சாமான் 1,20,000. இலாபம் 16,800, ஆனால் காய்ந்ததும் அழுகினதும் 3,800 போக 13,000. நீக்கிய ஐந்து அடியால் இழந்தது 2,000 அளவில்தான், ஏனென்றால் அந்த மூன்று அரிசி வாங்கினவர்களில் பாதிப்பேர் வேறு அரிசிக்கு மாறிவிட்டார்கள். கணக்குப்படி 32,000 கூடவேண்டும். கடை முழுவதற்கும் உண்மையில் கூடியது 29,000. அந்த 3,000 பிஸ்கட், சோடாவில் குறைந்திருந்தது, மாதத்துக்கு மாதம் அப்படி அசைவது வழமை. கையில் நின்றது 64,000இலிருந்து 93,000 ஆனது. வாடகையும் சம்பளமும் மாறவில்லை.

நான் அதைவிடக் கவனித்தது அரிசிப் பில்லின் எண்ணிக்கையை. 775 இருந்தது, செப்டெம்பரில் 781. அது விழுந்திருந்தால், மேலே சொன்ன இலாபம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மாற்றத்தைத் திருப்பியிருப்போம். சாமானை நீக்கின பிழை அந்தச் சாமானின் வரியில் தெரியாது. வேறு சாமான்களின் வரிகளில், ஒன்றிரண்டு மாதம் பிந்தித்தான் தெரியவரும். பில் எண்ணிக்கைதான் அதை முதலில் காட்டும்.

கைவைக்காமல் விட்டது சோப், ஷாம்பு ராக்கை. அடிக்கு 3,333 என்று அட்டவணையில் ஆகக் கீழே இருக்கிறது, 15 அடி பிடித்திருக்கிறது. முதலில் அதில்தான் வெட்டியிருக்கவேண்டும் என்று வாசிக்கிறவர் நினைக்கலாம். ஆனால் அங்கே விநியோகத்தர் இரண்டு கிழமைக் கடன் தருகிறார், திகதி முடிந்ததைத் திருப்பி எடுக்கிறார். அதனால் முதலாளியின் காசு அதில் முடங்கவும் இல்லை, எறிய வேண்டிய சாமானும் இல்லை. தவிர, எட்டு அளவு ஷாம்புவில் எந்த மூன்று ஓடுகிறது என்று பில்லில் பார்க்க முடியவில்லை. பெடியள் எல்லாவற்றையும் ஒரே குறியீட்டில் அடித்துவிட்டிருந்தார்கள். இப்போது அளவுக்கு ஒரு குறியீடு கொடுத்திருக்கிறோம். தீபாவளிக்குப் பிறகு இரண்டு மாத விற்பனை கையில் இருக்கும்போது அந்த 15 அடியையும் இதேபோலப் பிரித்துப் பார்ப்பதாக இருக்கிறோம்.